4.45 வண்டிக்கு இரவு 10.35-க்கு மாவு: ஒரு பேக்கரி இரவின் கணக்கு

ஒரு நாள் காலை 11 மணிக்கு நாங்கள் அனுப்பிய ரொட்டிக் கிரேட்டுகளில் நான்கு அப்படியே திரும்பி வந்தன. ஒரு பெரிய சமையலறைக்குப் போன ஸ்லைஸ் பிரெட் அவை. பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பிளாஸ்டிக்கின் உட்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். கீழே இருந்த இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. முந்தின நாள் அனுப்பியதில் இரண்டு பையில் பூஞ்சை பிடித்துவிட்டதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மைதா கெட்டுப்போயிருக்குமோ, பைகளில் கோளாறோ என்று முதலில் தேடினோம். மாஸ்டர் ஒரு ரொட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைச் சூட்டோடு வெட்டிப் பையில் போட்டிருக்கீங்க. ரொட்டி மேல குத்தம் இல்லை, நம்ம நேரத்து மேலதான் குத்தம்" என்றார்.

அவர் சொன்னது சரி. அப்போது எங்கள் இரவு 12 மணிக்குத் தொடங்கியது. ஏன் 12 என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. எப்போதும் அப்படித்தான். மாவு பிசைந்து, பொங்கவிட்டு, டின்னில் போட்டு, வேகவைத்து வெளியே எடுக்கும்போது ஏறக்குறைய 3.30 ஆகிவிடும். முதல் வண்டி 4.45-க்குக் கிளம்ப வேண்டும். நடுவில் இருக்கும் நேரத்தில் ஆறவைத்து, வெட்டி, பையில் போட்டு, ஏற்ற வேண்டும். இதில் எதைக் குறைக்க முடியும்? வெட்டுவதையும் ஏற்றுவதையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு இரவும் ஆறவைக்கும் நேரத்தைத்தான் தின்றுகொண்டிருந்தோம். அது யார் கண்ணுக்கும் படாமல் நடந்தது. ரேக்கில் சும்மா நிற்கும் ரொட்டியைப் பார்த்தால் வேலை நடப்பதாகவே தோன்றாது இல்லையா?

அன்று இரவே மாஸ்டரும் நானும் உட்கார்ந்து கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். வண்டி கிளம்பும் நேரத்தை மேலே எழுதி, அங்கிருந்து பின்னால் நடந்தோம். அந்தக் கணக்கை அப்படியே இங்கே சொல்கிறேன். உங்கள் ஓவனும் உங்கள் ஆட்களும் வேறாக இருப்பார்கள், எண்கள் மாறும். பின்னால் நடக்கும் முறை மாறாது.

எங்களிடம் இருப்பது ஒரு ஸ்பைரல் மிக்ஸர், ரேக்கை அப்படியே உள்ளே தள்ளும் ஒரு ரோட்டரி ஓவன், டின்னில் போட்ட மாவை இளஞ்சூட்டில் பொங்கவைக்கும், மூன்று ரேக் கொள்ளும் ஒரு புரூஃபர், ஒரு சிறிய குளிர் அறை. ஆட்கள் நான்கு பேர். ஒருவர் மிக்ஸரையும் ஓவனையும் பார்ப்பார். இருவர் மேசையில். நான்காவது ஆள் 3.30-க்கு வந்து பேக்கிங்கையும் வண்டியையும் கவனிப்பார்.

25 கிலோ மைதா, 15 கிலோ தண்ணீர், மற்றவை எல்லாம் சேர்ந்து சுமார் 43 கிலோ மாவு வரும். ஒரு ரொட்டிக்கு 450 கிராம் மாவு வெட்டினால், வெந்து ஆறிய பிறகு 400 கிராமுக்குக் குறையாமல் நிற்கும். ஒரு ரேக்கில் 90 டின் கொள்ளும். ஆகவே ஒரு பிசைவு என்பது ஒரு ரேக், ஒரு ரேக் என்பது ஓவனில் ஒரு லோடு. இந்தப் பொருத்தம் தானாக வரவில்லை. முன்பெல்லாம் மிக்ஸர் கொள்ளும் அளவுக்குப் பிசைந்துகொண்டிருந்தோம். மீதி 30 டின் அடுத்த லோடுக்காகக் காத்துக்கிடக்கும், காத்திருக்கும்போதே பொங்கி வழியும். ஓவன் ஒரே நேரத்தில் எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் பிசைய வேண்டும் என்று மாற்றிய பிறகுதான் மற்ற கணக்குகளைப் போடவே முடிந்தது.

சரி, முதல் வண்டி. 4.45-க்குக் கிளம்ப வேண்டும். கிரேட்டுகளைக் கடைவாரியாகப் பிரித்து, எண்ணி, ஏற்ற 20 நிமிடம். ஆகவே 4.25-க்குள் பேக்கிங் முடிய வேண்டும். 90 ரொட்டியை வெட்டிப் பையில் போட இரண்டு பேருக்கு 30 நிமிடம். 3.55-க்கு ஸ்லைசர் ஓடத் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஆறவைக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நாங்கள் வைத்திருப்பது ஒரு மணி 55 நிமிடம். அப்படியென்றால் ரொட்டி ஓவனை விட்டு 2.00 மணிக்கு வெளியே வந்தாக வேண்டும். வேக 30 நிமிடம், 1.30-க்கு உள்ளே. டின்னில் கடைசியாகப் பொங்க ஒரு மணி நேரம், 12.30-க்குப் புரூஃபர். வெட்டி, உருட்டி, 10 நிமிடம் ஓய்வு கொடுத்து, சுருட்டி டின்னில் போட மொத்தம் 40 நிமிடம், 11.50. மொத்த மாவாகப் பொங்க ஒரு மணி நேரம், 10.50. பிசைய 15 நிமிடம்.

இரவு 10.35.

நாங்கள் 12 மணிக்குத் தொடங்கிக்கொண்டிருந்தோம். ஒரு மணி 25 நிமிடம் பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைதான் நீர்த்துளியாகப் பைக்குள் நின்றது.

ஆறவைப்பதைக் குறுக்குவழியில் முடிக்கப் பலவும் செய்து பார்த்தோம். பெரிய மின்விசிறியை ரேக்குக்கு நேராக வைத்தோம். மேல்தோல் சீக்கிரம் ஆறிக் காய்ந்து, வெட்டும்போது நொறுங்கிச் சிதறியது. நடுவில் இருந்த சூடு அவ்வளவாகக் குறையவில்லை. குளிர் அறைக்குள் தள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். அது இரண்டு வகையில் கெடுதல். ஃப்ரிட்ஜ் குளிரில்தான் ரொட்டி மிக வேகமாக விறைத்துப் பழசாகிறது. அதோடு, சூடான ரேக் உள்ளே போனால் அங்கே காத்திருக்கும் மாவெல்லாம் சூடேறும். கடைசியில் பலன் தந்தது மூன்று சாதாரண விஷயங்கள்: வெளியே வந்தவுடன் டின்னிலிருந்து தட்டுவது, ரொட்டிக்கு ரொட்டி இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கம்பித் தட்டில் வைப்பது, ரேக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் காற்று சுற்றிவர விடுவது. இவையெல்லாம் செய்தும் இரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஆறிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். தோல் எப்போதும் நடுவை முந்திக்கொண்டு ஆறும். கூர்முனைத் தெர்மாமீட்டரை ரொட்டியின் பக்கவாட்டில் நடு வரைக்கும் செருகினால் தெரிந்துவிடும். ஓவனிலிருந்து வரும்போது நடுவில் 95 டிகிரி வரை இருக்கும். 35-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் ஸ்லைசரைத் தொடுவோம். 45-இல் வெட்டினால் பிளேடில் பசை மாதிரி ஒட்டும், துண்டுகளின் ஓரம் பிய்ந்து வரும். பிளேடைத் துடைக்க நிறுத்தி நிறுத்தி, 30 நிமிட வேலை 45 நிமிடம் இழுக்கும். அவசரப்பட்டு வெட்டி மிச்சம்பிடித்த நேரம் அங்கேயே போய்விடும்.

அப்புறம் மற்ற லோடுகள். இரண்டாவது வண்டி 5.45-க்கு. அதிலும் 90 ரொட்டி போகும். அந்த லோடு 3.00-க்குள் வெளியே வந்தால் போதும் என்று பின்கணக்குச் சொன்னது. பன் இரண்டு லோடு, லோடுக்கு 430 சொச்சம். பன்னுக்கு வேக 14 நிமிடம், ஆற 40 நிமிடம்தான். அதனால் முதல் வண்டிக்கான பன் 3.11-க்கு உள்ளே போனால்கூடத் தாங்கும். இரண்டாவது வண்டிக்கானது 4.11 வரை தாங்கும்.

இவை ஒவ்வொன்றும் 'இதற்கு மேல் தாமதிக்க முடியாது' என்ற நேரங்கள். இவற்றை ஓவனின் வரிசையில் அடுக்கினோம். முதல் பிரெட் 1.30 முதல் 2.00 வரை. ஓவன் மறுபடி சூடு பிடிக்க 15 நிமிடம். இரண்டாவது பிரெட் 2.15 முதல் 2.45 வரை. பிறகு சூட்டை 200-இலிருந்து 215-க்கு ஏற்றி, 3.00-க்கு முதல் பன், 3.30-க்கு இரண்டாவது பன். எங்கள் ஓவனில் சூட்டை ஏற்றுவது சுலபம், இறக்குவது பெரும் பாடு. அதனால்தான் பிரெட் முன்னால், பன் பின்னால். 170-இல் வேகும் கேக் எல்லாவற்றுக்கும் கடைசியில், ஓவன் தணிந்த பிறகு, கடை திறக்கும் நேரத்துக்கு.

முதல் பிரெட்டுக்கு ஒரு நிமிடம்கூடத் தளர்வு இல்லை. இரண்டாவதுக்கு 15 நிமிடம் இருக்கிறது. முதல் பன்னுக்கு 11 நிமிடம், கடைசிப் பன்னுக்கு 40 நிமிடத்துக்கு மேல். இந்தத் தளர்வு எந்த லோடில் எவ்வளவு என்று தெரிந்திருப்பதுதான் இரவில் மிகவும் உதவும். ஏதாவது பிசகினால் எதைத் தள்ளலாம், எதைத் தொடவே கூடாது என்று அது சொல்லிவிடும். முன்பு எல்லாவற்றையுமே அவசரமாகச் செய்துகொண்டிருந்தோம். கடைசிப் பன்னுக்காக ஓடியதில் முதல் பிரெட்டைக் கோட்டைவிட்ட இரவுகள் உண்டு.

ஓவன் வரிசை சரியாக வந்துவிட்டது, மிக்ஸர் வரிசையும் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் இரவு ஓட்டிப் பார்த்தபோது 2.00 மணிக்கு ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஓவனும் மிக்ஸரும் தடையில்லாமல் ஓடின. கைகள்தான் போதவில்லை.

என் கணக்கில் முதல் பன் மாவை மேசையில் உருட்டும் நேரம் 1.40 முதல் 2.10 வரை. சரியாக அதன் நடுவில் 2.00 மணிக்கு 90 டின் பிரெட் வெளியே வருகிறது. தட்டியாக வேண்டும். மேசைக்காரர்கள் இருவர் கையிலும் மாவு. "இதோ முடிச்சிட்டு வர்றோம் அண்ணே" என்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததை இப்போதும் மறக்கவில்லை. டின்னுக்குள் நின்ற ரொட்டியின் நீராவி போக வழியில்லாமல் டின் சுவரிலேயே நீராகிவிட்டது. தட்டியபோது அடியும் பக்கமும் ஈரமாக, விரல் வைத்தால் பதிந்தது. ஆறிய பிறகு பக்கங்கள் இடுப்பு மாதிரி உள்ளே ஒடுங்கிவிட்டன. நன்றாகப் பொங்கி, நன்றாக வெந்து, மேலே அழகான நிறத்தோடு வந்த ரொட்டி அது.

பன் வேலையைப் பின்னால் தள்ள முடியாது, 3.11 என்ற எல்லை இருக்கிறது. அதனால் முன்னால் கொண்டுவந்தோம். பன் மாவை 12.40-க்குப் பதிலாக 12.20-க்கே பிசைந்தால், 1.20 முதல் 1.50 வரை உருட்டி முடித்துவிடலாம். இரண்டாவது பிரெட்டின் மேசை வேலை 12.35 முதல் 1.15 வரை. அதை அடுத்து நேராகப் பன். 1.50-க்குக் கை கழுவி, கையுறை போட்டு, 2.00 மணிக்கு ஓவன் வாசலில் நிற்கலாம். கடைசிப் பன் மாவின் மேசை வேலை 2.10-க்குத் தொடங்கி 2.40-க்கு முடியும். 2.45-க்கு அடுத்த பிரெட் தட்டல். எல்லாம் பொருந்தியது.

ஒன்றைத் தவிர. 20 நிமிடம் முன்னால் தயாரான பன்னை என்ன செய்வது? நேராகப் புரூஃபரில் வைத்தால் 2.40-க்கே தயாராகிவிடும், ஓவனோ 3.00-க்குத்தான் காலி. இங்கேதான் குளிர் அறையைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டோம். உருட்டி டிரேயில் வைத்த பன்னைப் புரூஃபருக்கு முன்னால் 20 நிமிடம் குளிரில் நிறுத்தினோம். 2.10-க்குப் புரூஃபர், 3.00-க்கு ஓவன்.

மாவைக் காக்கவைக்க வேண்டும் என்றால் புரூஃபருக்கு முன்னால் காக்கவையுங்கள், பின்னால் வேண்டாம். இன்னும் பொங்காத சின்ன உருண்டை குளிரில் சட்டென்று அடங்கும். பொங்கி முடித்த மாவு, காற்றடைத்த மெல்லிய பை மாதிரி. அதைக் குளிரில் கொண்டுபோய் வைத்தால் வெளித்தோல் மட்டும் குளிரும். நடுவில் சூடு அப்படியே இருக்கும், ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். ரேக்கை நகர்த்தும் அதிர்ச்சியே அதைச் சாய்த்துவிடலாம். தயாராகிவிட்டதா என்று பார்க்க விரலை ஈரமாக்கி மெல்ல அழுத்திப் பார்ப்போம். பள்ளம் உடனே மேலே எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, முழுதும் நிரம்பாமல் எழும்பினால் ஓவனுக்கு நேரம். அப்படியே பள்ளமாக நின்றுவிட்டால் தாண்டிவிட்டது. ஓவன் இன்னும் 15 நிமிடத்துக்குக் காலியாகாது என்று தெரிந்தால், பள்ளம் வேகமாக எழும்பும் கட்டத்திலேயே புரூஃபர் சூட்டைக் குறைத்துவிடுவது நல்லது.

இந்த அட்டவணை முழுவதும் நிற்பது ஒரே ஒரு எண்ணின் மேல். பிசைந்து முடித்த மாவின் சூடு 26 டிகிரி. 'பொங்க ஒரு மணி நேரம்' என்று எழுதியது 26-க்கு மட்டும் பொருந்தும். 30-க்கு எழுதினால் அது வேறு அட்டவணை.

ஒரு வெக்கையான இரவு ஐஸ் தீர்ந்துபோனது. முதல் பிசைவுக்கு இருந்தது, இரண்டாவதுக்கு இல்லை. குழாய்த் தண்ணீரையே ஊற்றினோம். மாவு 30 டிகிரியில் வந்தது. நான்தான் தெர்மாமீட்டர் செருகினேன், நோட்டில் 30 என்று எழுதினேன், அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஒரு மணி நேரத்தில் பொங்க வேண்டிய மாவு 40 நிமிடத்திலேயே தொட்டியின் விளிம்புக்கு வந்தது. மேசைக்காரர்கள் முதல் பிரெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள், எடுக்க முடியவில்லை. எடுத்து டின்னில் போட்டபோது மாவு ஏற்கனவே ஏகத்துக்குப் பொங்கியிருந்தது. புரூஃபரில் 1.50-க்கே தயார். ஓவனுக்குள் முதல் லோடு இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. முதல் லோடு வெளியே வந்து, சூடு மீண்டு, இதை உள்ளே தள்ளும்போது 2.10. ரேக்கின் சக்கரம் ஓவன் வாசல் பள்ளத்தில் ஒரு முறை குலுங்கியது. கண் முன்னால் மேல்வரிசை டின்களில் மாவு உட்கார்ந்தது. வெந்து வந்தவை தட்டையான தலையோடு, உள்ளே பெரிய பெரிய ஓட்டையோடு, வெளிறிப்போய் இருந்தன. ஸ்லைஸ் பிரெட்டாக எதையும் அனுப்ப முடியவில்லை.

அந்த லோடின் தலையெழுத்து 11.35-க்கே எழுதப்பட்டுவிட்டது. நோட்டில் 30 என்று எழுதிய அந்த நிமிடத்தில் ஏதாவது செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாவு 28-ஐத் தொட்டால் அதை முழு உருண்டையாகத் தொட்டியில் விட மாட்டோம். நான்காக வெட்டி, தட்டையாக அழுத்தி, தனித்தனித் தட்டில் மூடிக் குளிர் அறையில் 20 நிமிடம் வைப்போம். 43 கிலோ மாவு ஒரே மொத்தையாக இருந்தால் குளிர் உள்ளே போகாது. தட்டையாக இருந்தால்தான் போகும். பிறகு வெளியே எடுத்தால், மேசை காலியாகும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும்.

அதைவிட நல்லது, 26-ஐத் தவறவிடாமல் இருப்பது. அதற்கான கணக்கு எளிது. வேண்டிய மாவுச் சூட்டை மூன்றால் பெருக்குங்கள், 26-க்கு 78. அதிலிருந்து மைதாவின் சூடு, அறையின் சூடு, மிக்ஸர் பிசையும்போது ஏற்றும் சூடு, மூன்றையும் கழியுங்கள். வருவது தண்ணீருக்கு வேண்டிய சூடு. அந்த இரவில் மைதா 28, அறை 29. எங்கள் மிக்ஸருக்கு 14. கூட்டினால் 71. தண்ணீர் 7 டிகிரியில் இருந்திருக்க வேண்டும், நாங்கள் ஊற்றியது 27-இல். தண்ணீரில் 20 டிகிரி தவறினால் மாவில் ஆறேழு டிகிரி ஏறும் என்று இந்தக் கணக்கு சொல்லும். 4 டிகிரியோடு தப்பியது மாஸ்டர் பிசையும் நேரத்தைக் குறைத்ததால்.

மிக்ஸரின் அந்த 14 எங்கிருந்து வந்தது? புத்தகத்தில் பார்த்து எழுதியது இல்லை. ஒரு நாள் பிசைந்து முடித்ததும் மாவின் சூட்டை எடுத்து மூன்றால் பெருக்கி, அன்றைய மைதா, அறை, தண்ணீர் மூன்றின் சூட்டையும் கழித்தோம். மீதி வந்தது அந்த மிக்ஸரின் எண். நான்கைந்து நாள் எடுத்துச் சராசரி வைத்துக்கொண்டோம். பன் மாவுக்குத் தனியாக எடுக்க வேண்டும், ஏனென்றால் அளவும் பிசையும் நேரமும் வேறு.

ஐஸ் எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குழாய்த் தண்ணீரின் சூட்டிலிருந்து வேண்டிய சூட்டைக் கழித்து, மொத்தத் தண்ணீரின் எடையால் பெருக்கி, குழாய்த் தண்ணீரின் சூட்டோடு 80-ஐக் கூட்டியதால் வகுக்க வேண்டும். அந்த 80, ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்ளும் சூட்டுக்காக. 15 கிலோ தண்ணீருக்கு 27-இலிருந்து 7-க்கு இறக்க, 300-ஐ 107-ஆல் வகுத்தால் 2.8 கிலோ ஐஸ். மீதி 12.2 கிலோ தண்ணீர். ஐஸ் தண்ணீரின் எடைக்குள்ளேயே அடங்கும், அதற்கு மேல் சேர்ப்பதில்லை. இதை ஒருவர் மறந்து ஐஸைக் கூடுதலாகப் போட்ட இரவில் மாவு கூழாகி மேசையில் ஒட்டியது. ஐஸைப் பொடித்துப் போடுவதும் முக்கியம். கட்டியாகப் போட்டால் பிசைந்து முடிக்கும்போதும் மாவுக்குள் சில்லு சில்லாக இருக்கும்.

ஓவனைப் பற்றி ஒன்று மட்டும். திரையில் 210 என்று காட்டினால் ஓவன் தயார் என்று அர்த்தம் இல்லை. அது உள்ளே சுற்றும் காற்றின் சூடு. சுவரும் தரையும் சூடு குடிக்க இன்னும் நேரம் வேண்டும். ஒரு முறை 1.00 மணிக்குப் பற்றவைத்து, 1.25-க்குத் திரை 210 காட்டியதும் நம்பி ரேக்கைத் தள்ளினோம். 90 டின்னும் அவ்வளவு மாவும் உள்ளே போனதும் எண் மளமளவென்று இறங்கியது, ஏற மனமில்லாமல் நின்றது. 30 நிமிடம் கழித்து ஒரு ரொட்டியைத் தட்டிப் பார்த்தால் அடி வெளுத்திருந்தது. இன்னும் 10 நிமிடம் விட்டோம். தளர்வே இல்லாத லோடில் அந்த 10 நிமிடம் போனது. இப்போது 12.15-க்கே ஓவன் பற்றிவிடும். முதல் லோடை 210-இல் உள்ளே விட்டு, கதவைச் சாத்தியதும் 200-க்கு மாற்றிவிடுவோம்.

இனி வண்டி. அட்டவணையில் 'ஏற்ற 20 நிமிடம்' என்று போட்டது, கிரேட்டுகள் ஏற்கனவே வரிசையில் நின்றால் மட்டும்தான் போதும். கடைசியாக இறங்கும் கடையின் கிரேட் முதலில் ஏற வேண்டும், முதலில் இறங்குவது கதவோரம் நிற்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பேக்கிங் முடிகிற வரிசையும் ஏற்றும் வரிசையும் ஒன்றாக இருப்பதில்லை. பன் முன்னால் முடிந்துவிடும், பிரெட் 4.25 வரை வந்துகொண்டே இருக்கும். அதனால் பிரெட் அதிகம் வாங்கும் கடைகளை வழியின் முற்பகுதியில் வைத்தோம். பன் மட்டும் வாங்கும் கடைகள் வழியின் கடைசியில். அவற்றின் கிரேட்டுகள் பிரெட் முடிவதற்கு முன்பே உள்ளே ஏறிவிடும். ஓட்டுநர் அண்ணன் முதலில் முணுமுணுத்தார், சில தெருக்களுக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு, வாசலில் நின்று காத்திருந்த நேரம் மிச்சமானதை அவரே சொன்னார்.

கிரேட் அடுக்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆறிய பிரெட் கிரேட்டின் மேல் இன்னும் இளஞ்சூடாக இருக்கும் பன் கிரேட்டை வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் ஆறவைத்த பலன் மூடிய வண்டிக்குள் அரை மணியில் போய்விடும். பன் 40 நிமிடம் ஆறியிருந்தாலும், பையில் போடாமல் திறந்த கிரேட்டில் தனி அடுக்காகத்தான் போகும்.

தாமதமானால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறோம், ஏனென்றால் இரவு 2 மணிக்கு அதை யோசிக்க முடியாது. பலகையில் முதல் பிரெட்டுக்குப் பக்கத்தில் 1.40 என்று சிவப்பில் எழுதியிருக்கும். அதற்குள் ரேக் ஓவனுக்குள் போகவில்லை என்றால், முதல் வண்டி பன்னோடு 4.45-க்கே கிளம்பும். பிரெட் இரண்டாவது வண்டியில் போகும். இரண்டாவது வண்டி பிரெட் வேண்டிய முதல் கடைகளுக்கு நேராகப் போய்விட்டுத் தன் வழிக்குத் திரும்பும். அந்தக் கடைகளுக்கு நான்காவது ஆள் வந்ததுமே, 3.30-க்கே செய்தி போய்விடும். 5.30-க்கு வர வேண்டிய ரொட்டி 6.15-க்கு வரும் என்று 3.30-க்கே தெரிந்தால் சமையலறையில் அதற்கேற்ப வேலையை மாற்றிக்கொள்வார்கள். 5.40-க்குச் சொன்னால் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட. வண்டியை நிறுத்திவைத்துக் காத்திருந்தால் எல்லாக் கடைக்கும் தாமதம். பிரெட்டைச் சூட்டோடு வெட்டுவது மட்டும் இந்த வழிகளில் ஒன்றாக ஒருபோதும் இல்லை.

பலகையில் ஐந்தே நேரங்கள்தான் இருக்கும். நான்கு லோடுகளும் ஓவனுக்குள் போகும் நேரம், ஸ்லைசர் தொடங்கும் நேரம். முதலில் 26 வரி எழுதி ஒட்டினேன், யாரும் படிக்கவில்லை. மற்ற நேரங்கள் மிக்ஸர் பார்ப்பவரின் நோட்டில் இருக்கின்றன. அவர் ஒவ்வொரு பிசைவுக்கும் நான்கு எண் எழுதுவார்: மைதா, அறை, தண்ணீர், மாவு. நான்காவது எண் 28-ஐத் தொட்டால் எழுதுவதோடு நிற்காமல் உரக்கச் சொல்ல வேண்டும், மேசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி.

திரும்பி வந்த கிரேட்டுகளுக்குப் பிறகு அந்தச் சமையலறை எங்களை நிறுத்தவில்லை, ஒரு வாரம் பார்க்கிறோம் என்றார்கள். அந்த வாரம் முழுக்க நான் ஸ்லைசருக்குப் பக்கத்திலேயே நின்றேன். 3.50-க்கு ரேக்கின் நடுத்தட்டில் இருந்து ஒரு ரொட்டியை எடுத்து, தெர்மாமீட்டர் செருகி, எண் நிற்கும்வரை காத்திருப்பேன். நடுத்தட்டுதான் கடைசியாக ஆறும், மேல்தட்டைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். முதல் இரவு 37 காட்டியது. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்லைசர் ஸ்விட்சில் கை வைத்திருந்த பையனிடம், "இரு தம்பி, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார். 3.56-க்கு 35-க்குக் கீழே வந்தது. ஓடவிட்டோம். பிளேடில் ஒன்றும் ஒட்டவில்லை, 90 ரொட்டியும் 4.24-க்குப் பைக்குள் போயிருந்தன.